எரியாத கால்

இந்த ஐப்பசியில் செல்லப்பாண்டி கால் சொறியவில்லை. காளியாயி அதை நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

மற்ற வருஷங்களில் மழை இறங்கிவிட்டால் அந்த வீட்டில் அதுதான் சத்தம். வேலை முடிந்து வந்தவன் கட்டில் சட்டத்தின் விளிம்பில் விரலிடுக்கைக் கொடுத்து வறட்டு வறட்டென்று தேய்ப்பான். தோல் வெள்ளையாக ஊறி, ஈரக் காகிதம் மாதிரி உரிந்து வரும். உரிந்த இடம் சிவந்து, வெடித்து, நாற்றம் எடுக்கும். சேத்துப்புண். கவுஞ்சி மலைக் கிராமத்தில் மழைக்காலத்தில் அது இல்லாத காலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சேனாதிபதியின் கேரட் கழுவும் களத்தில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை. தோட்டத்திலிருந்து மண்ணோடு வரும் கேரட்டைச் சிமெண்டுத் தொட்டியில் கொட்டி, ஓடைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆண்கள் உள்ளே இறங்கி மிதிப்பார்கள். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடிந்ததிலிருந்து மிதிக்க வேண்டும். பூட்ஸ் போட்டு மிதித்தால் கேரட் ஒடியும் என்று வெறுங்கால்தான். ஏறி வந்ததும், சேற்றில் மூட்டை சுமக்க ரப்பர் பூட்ஸ். பதினான்கு பேருக்கு ஆறு ஜோடி. கிடைத்ததை மாட்டிக்கொள்ள வேண்டியது, அடுத்தவன் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டியது. உள்ளே எப்போதும் ஒரு கை தண்ணீர் நிற்கும். அந்த பூட்ஸ்கள் வாங்கிய நாளிலிருந்து காய்ந்ததே இல்லை.

பெண்கள் தொட்டிக்கு வெளியே பொறுக்கி எடுக்கும் வேலை. அவர்களுக்கும் கால் ஈரம்தான். இந்த வருஷம் காளியாயிக்கு இரண்டு காலிலும் சுண்டுவிரல் இடுக்கு பிய்ந்துவிட்டது. அரிப்பு தாங்காமல் வேலைக்கு நடுவே கல்லில் தேய்த்தாள்.

"என்னக்கா, ஒத்தக்கால்ல டான்ஸு?" என்றாள் பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த விசாலாட்சி.

"உனக்கு வரலேங்கிற திமிரு."

"எனக்கு வந்து தோலு மூணாவது தடவ மாறிருச்சு. பாம்புன்னா ஒரு தடவதான் உரிக்கும்."

"ஜலீல் பாய் கடை டியூபு போடலியா நீ?"

"போட்டேன். ரெண்டு நாள்ல நின்னுச்சு. நாலாம் நாள் ரெண்டு மடங்கா வந்துருச்சு."

காளியாயிக்கும் அதே கதைதான். ஒவ்வொரு மழைக்கும் ஜலீல் பாயின் மருந்துக் கடையில் ஒரு டியூப். போட்ட இரண்டாம் நாள் அரிப்பு அடங்கும். டியூபைக் கூரை இடுக்கில் செருகிவிடுவார்கள். பத்து நாளில் மறுபடியும் வரும், முன்னைவிட அகலமாக.

செல்லப்பாண்டிக்கும் தோல் உரிந்துதான் இருந்தது. ஆனால் அவன் சொறியவில்லை, முனகவில்லை. கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் செய்யல. காலு பழகிருச்சு போல" என்றான். ஐம்பத்திரண்டு வயதில் கால் பழகியதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஞாயிற்றுக்கிழமை மழை ஊற்றியதில் கேரட் லோடு வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் படுத்திருந்தபோது காளியாயி அம்மியில் பூண்டு நசுக்கினாள். மலைப்பூண்டு, ஒரு பல் நசுக்கினாலே வீட்டையே தூக்கும். பூண்டு உரிக்கும் காலத்தில் அவள் விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்திருக்கின்றன. அது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் செய்தாள். விரலையே வேக வைக்கிற சாமான், விரலிடுக்கில் இருக்கிற பூச்சியைச் சும்மா விடுமா என்பது கணக்கு. எரிந்தால்தான் பூச்சி சாகும்.

முதலில் தன் காலில் வைத்து துணியால் கட்டினாள். பிறகு அவன் வலது காலை மடியில் வைத்து, நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நிறைய அப்பிக் கட்டினாள்.

"எரியும். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடங்க."

"எரிஞ்சா எரியட்டும் போ" என்று அவன் திரும்பிப் படுத்தான்.

அவள் பானையைக் கழுவி வைப்பதற்குள் கால் தீப்பிடித்துவிட்டது. துணியைப் பிய்த்தெறிந்து, வாசலில் கொட்டும் கூரைத் தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பிப் பார்த்தால் செல்லப்பாண்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆம்பளைக் கால், தோல் தடிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் எழுந்தது விளக்கு வைக்கும் நேரத்தில். கட்டை அவிழ்த்தபோது துணியோடு தோல் வந்தது. சுண்டுவிரல் பக்கத்தில் எலுமிச்சை விதை அளவுக்கு நாலைந்து கொப்புளம். இடுக்கில் தோலே இல்லை, பச்சைச் சதை. விரலடியிலிருந்து புறங்கால் வரை செக்கச்செவேலென்று இருந்தது.

"ஏங்க, எரியலையா?"

"இல்லையே."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லங்கறேன்ல. நல்லாத் தூங்குனேன்."

அவள் நகத்தால் அவன் பெருவிரலைக் கிள்ளினாள். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அழுத்திக் கிள்ளினாள். நகம் பதிந்தது. "மழை விட்டுருச்சா?" என்றான்.

காளியாயிக்கு அக்கா வீட்டு நினைப்பு வந்தது. அவள் அக்கா வீட்டுக்காரர் அய்யம்பாளையத்தில் இருந்தார். ஆணி குத்தியது தெரியாமல் இரண்டு நாள் நடந்தவர். மூன்றாம் வாரம் திண்டுக்கல்லில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சக்கரை. அக்கா ஊரெல்லாம் சொல்லி அழுதது ஒன்றுதான்: "அந்த மனுசனுக்கு வலிக்கவே இல்லடி."

மறுநாள் திங்கட்கிழமை. முதல் பஸ்ஸிலேயே அவனை இழுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். லோடு வந்து கிடக்கும் என்று அவன் வழியெல்லாம் புலம்பினான்.

டாக்டர் தமிழ்மதி சின்னப் பெண். கால் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையுறை மாட்டி, ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார்.

"என்ன போட்டீங்க இதுல?"

காளியாயி சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தாள், டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அய்யா, கண்ண மூடிக்கங்க. நான் தொடுறப்பல்லாம் 'இப்ப'ன்னு சொல்லணும்."

மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு இழையை எடுத்தார். பெருவிரல் நுனியில் வைத்து அது வளையும் வரை அழுத்தினார். செல்லப்பாண்டி பேசவில்லை. சுண்டுவிரல். பேசவில்லை. குதிகால், உள்ளங்கால். ஒன்றுமில்லை. சத்தமே இல்லாமல் இருந்தது அவனுக்கே சங்கடமாகிவிட்டது போல.

"இப்ப" என்றான். கொஞ்சம் விட்டு, "இப்ப."

"நான் இன்னும் தொடவே இல்லய்யா."

காளியாயி தலையைத் திருப்பிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பரீட்சையில் காப்பியடிக்கிறான்.

விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். முந்நூற்று நாற்பத்திரண்டு.

"நான் டீல சீனியே கம்மியாத்தான் போடுவேன்" என்றான் செல்லப்பாண்டி.

"டீக்கும் இதுக்கும் சம்பந்தமில்லங்கய்யா. சக்கரை ரொம்ப நாளா இருந்திருக்கு, பாக்கல. அதுல கால் நரம்பு மரத்துப்போச்சு. சேத்துப்புண்ணு வந்தும் அரிக்காததுக்கு அதான் காரணம். அரிப்பு வந்திருந்தா நல்லதுன்னு வச்சுக்கங்க." காளியாயியிடம் திரும்பினார். "பூண்டு தோல வேக வச்சிருச்சுக்கா. வெந்த எடத்து வழியா கிருமி உள்ள போயிருக்கு. இந்தச் செவப்பு அதான்."

"கால எடுத்துருவாங்களா?"

"இப்ப அந்தப் பேச்சே இல்ல. ஆனா கொடைக்கானல் பெரிய ஆஸ்பத்திரில இன்னைக்கே சேந்துட்டா நல்லது."

"லோடு கெடக்கும்மா" என்றான் செல்லப்பாண்டி. "மாத்திரை குடுங்க. நாளைக்கி வர்றேன்."

டாக்டர் மறுபடி சொல்லிப் பார்த்தார். அவன் காய்ச்சலும் இல்லையே என்று ஒரே பிடியாக நின்றான். கடைசியில் டாக்டர் காயத்தைக் கழுவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டினார். பிறகு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற ஓரத்தையெல்லாம் ஒட்டி புறங்காலில் ஒரு கோடு போட்டார், வரைபடத்தில் ஊர் எல்லை போடுகிற மாதிரி.

"அக்கா, நல்லாப் பாத்துக்கங்க. செவப்பு இந்தக் கோட்டத் தாண்டிச்சுன்னா, காய்ச்சல் குளிர் வந்தா, நாளைக்கின்னு நிக்காம நேரா கொடைக்கானல். தாண்டலேன்னாலும் நாளைக்கிக் காலைல இங்க வந்து காட்டணும். தண்ணில இறங்கவே கூடாது."

பிறகு காளியாயியின் காலையும் காட்டச் சொன்னார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். கூரை இடுக்கிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்து வந்திருந்த பழைய டியூபையும் நீட்டினாள். டாக்டர் அதன் பெயரைப் படித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்ப மட்டும் அமுக்கும். புண்ணுக்குக் காரணமான காளான் கிருமி உள்ள வளரும். நான் குடுக்கறது வேற. காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, கழுவித் தொடச்சு, ஈரமே இல்லாம காஞ்சப்பறம் மெல்லிசா. உங்களுக்கு எரிஞ்ச எடம் ஆறினப்பறம் போடுங்க. அவருக்குப் புண்ணுல போடக் கூடாது, நல்லாருக்கற மத்த இடுக்குல மட்டும். நாலு வாரம் ஆகும். தோலு சரியானாலும் இன்னும் ரெண்டு வாரம் விடாமப் போடணும். அரிப்பு நின்னா நோவு போயிருச்சுன்னு அர்த்தமில்ல."

வீட்டுக்கு வந்ததும் காளியாயி அவனைக் கட்டிலில் உட்கார வைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தாள். அன்று பொழுது போகும்வரை நாலைந்து தடவை கோட்டைப் பார்த்தாள். மங்கல் வெளிச்சத்தில் சிவப்பு எது, தோல் நிறம் எது என்று பிடிபடவில்லை. போனில் வெளிச்சம் போட்டுப் பார்த்தாள். கோட்டைத் தொட்டு நின்றது போலிருந்தது. விரலால் அழுத்தினாள், சூடு.

"எத்தன தடவடி பாப்ப? காலு என்ன கறியா, வெந்துச்சா வேகலியான்னு."

"வெந்துருச்சு. நான்தான் வேக வச்சேன்."

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

விடிந்து அவள் குழாயடிக்குப் போனாள். பஸ்ஸுக்கு முன்னால் சோறு வடித்துவிட வேண்டும். இரண்டு குடம் தண்ணீரோடு திரும்பியபோது கட்டில் காலியாகக் கிடந்தது. தலையணையில் கால் அழுந்திய பள்ளம். மூலையில் வைத்திருந்த பிளாஸ்டிக் பைகள் கலைந்து கிடந்தன.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். களத்துக்குப் பாதை இறக்கம். வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்தாள். மூட்டத்தில் தொட்டி தெரியவில்லை, மிதிக்கும் சத்தம் மட்டும் சளப் சளப்பென்று வந்தது. கிட்டத்தில் போனபோது நாலு பேர் கயிற்றைப் பிடித்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அவன். வலது காலில் பிளாஸ்டிக் பை, கணுக்காலுக்குமேல் சாக்குச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஏறுடா வெளிய!" என்று கத்தினாள். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவனை அப்படிச் சொன்னதில்லை. மிதித்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"பை கட்டிருக்கேன்ல. சொட்டுத் தண்ணி உள்ள போகல" என்றான் அவன், ஊர் முன்னால் குறுகிப்போய்.

சேனாதிபதி கையில் டீ கிளாசோடு வந்தார். "நான் கூப்புடலம்மா. அவனாத்தான் வந்தான். ஆளு கொறையுதுன்னு போன்ல சொன்னேன், அம்புட்டுத்தான்."

காளியாயி அவனைத் தொட்டிச் சுவரில் உட்கார வைத்துச் சணலைப் பிரித்தாள். கணுக்காலைச் சுற்றிச் சணல் பதிந்த பள்ளம், நீலமாக. அவ்வளவு இறுக்கியது அவனுக்குத் தெரியவே இல்லை. பைக்குள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. கட்டுத்துணி ஊறிக் குழைந்திருந்தது.

புறங்காலைத் துடைத்துக் கோட்டைத் தேடினாள். கோடு இல்லை. தண்ணீரும் பை உரசியதும் சேர்ந்து அழித்துவிட்டன. அங்கங்கே நீலக்கறை. சிவப்பு கணுக்கால் பக்கம் ஏறியிருந்தது. நேற்று எதுவரை இருந்தது? இதுவரையா? இந்த எலும்பு வரையா? அத்தனை தடவை பார்த்தவளுக்கு இப்போது ஞாபகம் வரவில்லை.

"விசாலாட்சி, நீ பாரு. ஏறிருக்கா?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? நேத்து நான் பாக்கலயே."

அவன் கழுத்தில் கை வைத்தாள். மழையில் நின்ற உடம்பு, ஆனால் கழுத்து கொதித்தது. தாடை லேசாக நடுங்கியது. "குளுருதா?"

"தண்ணில நின்னா குளுராதா?" என்றான். அவன் கண்ணிலும் இப்போது பயம் வந்திருந்தது.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம். களத்தில் லோடு ஏற்றிய லாரி தார்ப்பாய் கட்டிப் புறப்பட நின்றது. கொடைக்கானல் வழியாக வத்தலக்குண்டு இறங்குகிற வண்டி. காளியாயி போய் அதன் முன்னால் நின்றாள்.

"மொதலாளி, ஏத்திவிடச் சொல்லுங்க."

சேனாதிபதி அவனுடைய காலைக் கிட்ட வந்து பார்த்தார். கிளாசில் இருந்த டீயைக் கீழே ஊற்றினார். "ஏலே செல்வமுருகா, வெரசா ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிட்டுப் போ. வேற எங்கயும் நிறுத்தாத."

டிரைவர் செல்வமுருகன் வழியில் எங்கும் நிறுத்தவில்லை. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. பூம்பாறை தாண்டியதும் செல்லப்பாண்டிக்கு உதறல் எடுத்தது. காளியாயி தன் சேலைத் தலைப்பை அவன்மேல் போர்த்தி, அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் குனிந்து பார்த்தாள். பார்த்து ஆவதொன்றுமில்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை. பூண்டு நசுக்கிய கை. எரிந்ததும் என் கட்டை அவிழ்த்தேனே, அவனுடையதை ஏன் அவிழ்க்கவில்லை என்று அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது மனம்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்கை கொடுத்தார்கள். ஒரு கையில் ஊசி வழியாக மருந்து ஏறியது, சக்கரைக்கு இன்சுலின் வயிற்றில் போட்டார்கள். வெந்த தோலை வெட்டி எடுத்தபோது அவன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வலிக்குதா என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய டாக்டர் வயதானவர். புதுக்கோடு ஒன்று போட்டார், இந்த முறை அழியாத மையில்.

"சுண்டுவிரல் நெறம் எனக்குப் பிடிக்கல. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். செவப்பு எறங்குச்சுன்னா எல்லாம் தப்பிச்சுது. ஏறுச்சுன்னா திண்டுக்கல் அனுப்பணும். அங்க வெரல எடுக்கலாம், எதுவரைக்கும்னு அவங்கதான் சொல்லணும்."

எதுவரைக்கும். காளியாயி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கண் மட்டத்தில் கால் இருந்தது. சாயங்காலம் சிவப்பு கோட்டை ஒட்டி நின்றது. விடியும்போதும் அங்கேதான் நின்றது. நர்ஸ் வந்து, நிக்கிறதே நல்லதுதான் என்றாள். பத்து மணிக்குக் காய்ச்சல் விட்டது. மத்தியானம் மருந்து மாற்றும்போது காளியாயி குனிந்து பார்த்தாள். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி, நெல் அகலம். கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். இருந்தது. சாயங்காலம் டாக்டர் வந்தபோது அது ஒரு விரல் அகலமாகியிருந்தது. தோலும் சுருங்க ஆரம்பித்திருந்தது.

"வெரல் இருக்கும்" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கால் இனி உனக்குச் சேதி சொல்லாது. நீயாத்தான் போய்ப் பாக்கணும், தெனமும். வெரலிடுக்குல அந்தச் சேத்துப்புண்ணு இருக்கற வரைக்கும் கதவு தொறந்துதான் இருக்கு."

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். புண் ஆற கார்த்திகை முழுக்க ஆனது. தொட்டியில் இனி அவன் இறங்க மாட்டான் என்று காளியாயியே போய்ச் சேனாதிபதியிடம் சொன்னாள். கொட்டகைக்குள் உட்கார்ந்து மூட்டை தைக்கிற வேலை கொடுத்தார். இரண்டு ஜோடி பூட்ஸ் சொந்தமாக வாங்கினாள். ஒன்று காலில் இருக்கும்போது இன்னொன்று அடுப்புக்குத் தள்ளி, உள்ளே காகிதம் திணித்து, கவிழ்ந்து காயும். யாருக்கும் கழற்றிக் கொடுக்கக் கூடாது. பருத்திக் காலுறை தினம் ஒன்று, வெந்நீரில் அலசி. களிம்பு இருவருக்கும் இரண்டு வேளை. அவளுக்கு அரிப்பு நின்று தோல் மூடிய பிறகும் நாள்காட்டியில் பதினாலு நாளை அடித்துக் கழித்துத்தான் நிறுத்தினாள்.

சாயங்காலம் ஆனதும் அவன் கால் அவள் மடிக்கு வரும். கழுவி, இடுக்கிடுக்காகத் துணியைக் கொடுத்துத் துடைத்து, போன் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். களத்தில் கேலி செய்தார்கள். "பாண்டியண்ணே, மகாராசா மாதிரி பாதபூசை நடக்குதாமே?" அவன் சிரித்துக்கொண்டு மூட்டை தைத்தான்.

மார்கழி கடைசியில் பருவம் தப்பி மூன்று நாள் மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் காலை நீட்டவில்லை.

"இன்னைக்கி நானே பாத்துட்டேன். நல்லாருக்கு. ஒண்ணும் செய்யல."

"குடுங்க."

"செய்யலங்கறேன்."

"செய்யாதுங்க உங்களுக்கு. குடுங்க கால."

இழுத்து மடியில் வைத்தாள். காலுறை ஈரம். கொட்டகையில் ஒரு ஆள் குறைந்ததென்று மூட்டை சுமந்திருக்கிறான், சேற்றில். வலது கால் சுத்தம். ஆறிய வடு பளபளத்தது. இடது காலில், நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே, தோல் வெள்ளையாக ஊறி, ஓரம் ஒரு துளி தூக்கிக்கொண்டு நின்றது. பருக்கை அளவு.

வெளிச்சத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். வெடிப்பு இல்லை. சிவப்பு இல்லை. நாற்றம் இல்லை. மற்ற இடுக்குகளையும் பார்த்தாள்.

"என்னா?" என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "இருக்கா?"

"இருக்கு. இப்பத்தான் தொடங்குது."

"எனக்குத் தெரியலடி."

"தெரியாதுதான்."

ஈரத்தை ஒற்றி எடுத்தாள். தோலைப் பிய்க்கவில்லை. காய்வதற்காகக் கொஞ்ச நேரம் அந்தக் காலை அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு களிம்பை எடுத்து இரண்டு காலுக்கும் தடவினாள். நாள்காட்டியில் அன்றைய தேதியை வட்டமிட்டு, அதிலிருந்து ஆறு வாரம் எண்ணி இன்னொரு தேதியையும் வட்டமிட்டாள்.

"காலைல டாக்டரம்மாகிட்ட காட்டணும். மொத பஸ்ஸு."

"லோடு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "சரி. என்னைய எழுப்பிவிடு."